நிஃப்டி விலைக்குள் எவ்வளவு பிரீமியம் இருக்கிறது?

கேள்வி: ஐயா, 20 லட்சம் ரூபாயை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 15 ஆண்டுகளுக்குப் போட நினைக்கிறேன். அரசுக் கடன் பத்திரத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்று நிஃப்டி விலையிலிருந்தே கணக்கிட்டேன். ஏறக்குறைய 6% வந்தது. அதே சூத்திரத்தில் நண்பருக்கு 2%கூட வரவில்லை. நான் வளர்ச்சியை 11% என்றும், அவர் 7% என்றும் வைத்தோம். யார் கணக்கு சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. நீங்கள் போட்டது இந்தச் சூத்திரமாகத்தான் இருக்கும்:

```
k = D1/P + g
```

k என்பது எதிர்பார்க்கும் ஆண்டு வருமானம், D1 அடுத்த ஆண்டு டிவிடெண்ட், P இன்றைய விலை, g வளர்ச்சி. எளிய எண்களில் பார்ப்போம். நிஃப்டி 24,000, டிவிடெண்ட் 300 புள்ளி, பத்தாண்டு அரசுப் பத்திர வட்டி 6.5%. அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 333 ஆகும். அது விலையில் 1.4%. உங்கள் 11%ஐக் கூட்டினால் 12.4%, பத்திர வட்டியைக் கழித்தால் கூடுதலாகக் கிடைக்கும் பிரீமியம் 5.9%. டிவிடெண்ட் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, விடை என்று வருவது பெரும்பாலும் நீங்களே எழுதிய வளர்ச்சி எண்தான்.

11% எப்போதும் நீடிக்காது. நாட்டின் மொத்த உற்பத்தியைவிட வேகமாக நிறுவனங்களின் லாபம் முடிவில்லாமல் வளர்ந்தால், ஒருநாள் பொருளாதாரம் முழுவதையும் அவையே விழுங்கியிருக்க வேண்டும். அந்த வகையில் நண்பரின் 7% நிதானமானது. ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். பி.இ. 22, அதாவது விலை லாபத்தைப் போல் 22 மடங்கு என்றால், லாபம் ஏறக்குறைய 1,091 புள்ளி. அதில் 300 மட்டுமே டிவிடெண்டாக வருகிறது. மீதியை நிறுவனங்கள் தொழிலிலேயே போட்டு 15% ஈட்டுவதால்தான் 11% வளர்ச்சி கிடைக்கிறது. வளர்ச்சி 7% போதும் என்றால் லாபத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிறுத்திவைத்தாலே போதும். மீதி 53% டிவிடெண்டாக வந்தாக வேண்டும். வளர்ச்சியைக் குறைத்தவர் டிவிடெண்டை உயர்த்தவில்லை.

ஆகவே இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் 10 ஆண்டு 11% வளர்ச்சி, பழைய டிவிடெண்ட் விகிதம். அதன்பின் 7% வளர்ச்சி, லாபத்தில் 53% டிவிடெண்ட். இந்த டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பு 24,000க்குச் சமமாகும் வட்டி விகிதத்தை எக்செலில் Goal Seek மூலம் தேடினால் சுமார் 10.2% வரும். பிரீமியம் 3.7%. இதே எதிர்பார்ப்புகளோடு நிஃப்டி 19,200க்கு இறங்கினால் பிரீமியம் 4.4% ஆகிவிடும்.

இந்த 3.7%உம் வாக்குறுதி அல்ல. நிறுவனங்களின் 15% ஈட்டும் திறன் குறைந்தால் இதுவும் குறையும். ஆனாலும் திட்டமிட இதையே வைத்துக்கொள்ளுங்கள். 12.4% என்று நம்பினால் 15 ஆண்டில் 20 லட்சம் 1.15 கோடியாகத் தெரியும், 10.2%இல் 86 லட்சம்தான். ஏறக்குறைய 30 லட்ச ரூபாய் வித்தியாசம். ஓய்வுக்கு அந்தத் தொகை கட்டாயம் வேண்டுமென்றால், இப்போதே மாதத் தவணை ஒன்றைச் சேர்த்துத் தொடங்குங்கள்.