எளிய ஆங்கிலம் என்றால் யாருக்கு எளியது?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வியட்நாமிலும் பிரேசிலிலும் உள்ள மெக்கானிக்குகளுக்காகப் பராமரிப்புக் குறிப்பு எழுதுகிறேன். கஷ்டமான வார்த்தை ஒன்றுகூடப் போடவில்லை. ஆனாலும் ‘புரியவில்லை’ என்று பதில் வருகிறது. ‘ஷட் டவுன், டாப் அப் என்று வினையோடு சின்னச் சொல் சேர்ந்து வரும் ஃப்ரேஸல் வெர்ப் எழுதாதே’ என்கிறார் மேலாளர். அதையெல்லாம் எடுத்துவிட்டு எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். “இஃப் இட் ஆக்ட்ஸ் அப், ஷட் இட் டவுன் ரைட் அவே அண்ட் லுக் இன்டு இட்.” பம்ப் கோளாறு செய்தால் உடனே நிறுத்திவிட்டு என்ன காரணம் என்று ஆராயுங்கள் என்பதுதான் நீங்கள் சொல்ல வந்தது. மொத்தம் 13 சொற்கள். எல்லாமே பள்ளிக்கூடத்தில் முதல் சில வருடங்களில் சொல்லித்தருபவைதான். இப்போது அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும் மெக்கானிக்காக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்ட் என்றால் நடி, அப் என்றால் மேலே, ஷட் என்றால் மூடு, டவுன் என்றால் கீழே, ரைட் என்றால் வலது. மேலே நடித்தால் கீழே மூடி, வலது பக்கம் போய், உள்ளே பார்! சிரிப்பு வந்தாலும் கடைசித் துண்டு ஆபத்தானது. ‘லுக் இன்டு இட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், பம்பைத் திறந்து உள்ளே எட்டிப் பார் என்றுதான் பொருள்.

நம் மொழியிலும் இது உண்டு. ‘நேற்று அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்றால் நமக்குப் புரியும். தமிழைப் பாடமாகப் படித்த வெளிநாட்டுக்காரர், எதை வாங்கினான், எதைக் கட்டினான் என்று தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது, சேர்க்கையின் பொருள்தான் தெரியாதது. ஃப்ரேஸல் வெர்பின் சிக்கல் இதுதான். போதாக்குறைக்கு ‘ஷட் இட் டவுன்’ என்று நடுவில் ஒரு சொல் புகுந்து ஜோடியைப் பிரித்துவிடுகிறது. அந்த இரண்டும் சேர்ந்து ஒரே வினை என்பதே படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் எளிமை வந்துவிடும் என்று நினைத்தவர்கள் முன்பே உண்டு. 1930இல் சார்லஸ் ஆக்டன் ‘பேஸிக் இங்கிலிஷ்’ என்று 850 சொற்களில் ஒரு ஆங்கிலத்தை உருவாக்கினார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. மற்ற வினைகளுக்கு எங்கே போவது? புட், கெட், டேக் போன்றவற்றோடு அப், ஆஃப், அவுட் என்று ஒட்டவைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டியிருந்தது. பட்டியல் சின்னதாகத் தெரிந்தது, சுமை படிப்பவர் தலையில் விழுந்தது.

விமானத் துறை வேறு வழியில் போனது. விமானம் பராமரிப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஐரோப்பிய விமான நிறுவனங்கள் 1970களின் இறுதியில் கேட்டுக்கொண்டதால், 1986இல் ஒரு எழுத்து விதிநூல் வந்தது. இன்று அதன் பெயர் ASD-STE100. அதில் பொதுச் சொற்கள் சுமார் 900 இருக்கின்றன. கூடுமானவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டும். விதிகளைக் கடைப்பிடிப்பதற்கு ‘ஒபே’. செய்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது, ஃப்ரேஸல் வெர்ப் கூடாது. உங்களுக்கு அந்த நூல் முழுவதும் தேவைப்படாது. இந்த மூன்று விதிகள் போதும்.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஃப்ரேஸல் வெர்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒற்றைச் சொல் ஒன்றைத் தேடி வைக்கிறார்கள். ‘ஷட் டவுன்’ இருந்த இடத்தில் ‘ஸ்டாப்’ வைக்கலாம், பிரச்சினை இல்லை. ‘ஆக்ட்ஸ் அப்’ இருந்த இடத்தில் என்ன வைப்பீர்கள்? ‘மால்ஃபங்ஷன்’ என்றால் சொல் மாறுகிறதே தவிர, மெக்கானிக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. பம்ப் எப்படிக் கெட்டிருக்கிறது? சத்தமா, அதிர்வா, ஒழுகலா? உங்கள் சர்வீஸ் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்: கூழாங்கல்லை உள்ளே போட்டு உருட்டுவதுபோல் சத்தம் வரும், அல்லது தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியும். அதைத்தான் எழுத வேண்டும்.

‘லுக் இன்டு’ அதே மாதிரிதான். எதைப் பார்க்க வேண்டும்? கசிவு என்றால் மெக்கானிக்கல் சீலை. கூழாங்கல் சத்தம் என்றால் உறிஞ்சு குழாயின் வடிகட்டியை. கசிவுக்கு மட்டும் எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: “இஃப் வாட்டர் லீக்ஸ் நியர் த ஷாஃப்ட், ஸ்டாப் த பம்ப் இமீடியட்லி. டிஸ்கனெக்ட் த பவர். எக்ஸாமின் த மெக்கானிக்கல் சீல். இஃப் த சீல் இஸ் டேமேஜ்ட், ரீப்ளேஸ் த சீல்.” 13 சொல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பரவாயில்லை, நீளம் ஒரு குறையே இல்லை. ‘பவரைத் துண்டி’ என்ற வரி பழைய வாக்கியத்தில் இல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். சொல்லை மாற்ற உட்கார்ந்தபோதுதான் அது விடுபட்டிருந்தது தெரிந்தது. கடைசியில் ‘இட்’ போடாமல் ‘சீல்’ என்றே திரும்பச் சொன்னதும் வேண்டுமென்றேதான். பழைய வரியில் இருந்த மூன்று ‘இட்’களில் கடைசி ஒன்று பம்பையா, கோளாறையா என்பதே தெளிவாக இல்லை.

‘டாப் அப் த வாட்டர்’ என்று இன்னொரு வரி இருக்கிறது. அங்கே ஒளிந்திருப்பது அளவு. ‘ஃபில்’ என்று போட்டுவிட்டு, காற்று வெளியேறும் துளையில் தண்ணீர் வரும்வரை என்று சேர்த்துவிடுங்கள்.

எழுதி முடித்தபின் வேர்ட் கோப்பில் Ctrl+F அழுத்தி அப், அவுட், ஆஃப், டவுன், ஆன், இன், ஓவர், அவே, இன்டு, த்ரூ இவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். முழுச் சொல்லாக மட்டும் தேடும் வசதியைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ‘அப்’ தேடும்போது ‘சப்ளை’யிலெல்லாம் போய் நிற்கும். கிடைக்கிற எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். ‘த வால்வ் ஆன் த பைப்’ என்பதில் ஆன் தன் சொந்த வேலையைத்தான் செய்கிறது. முன்னால் உள்ள வினையை அகராதியில் தனியாகப் பார்த்தாலே பொருள் வந்துவிடுகிறதா என்று கேளுங்கள். வந்தால் விட்டுவிடலாம். கண்ட்ரோல் பேனலில் Log in என்று எழுதியிருந்தால் அதையும் தொடாதீர்கள். திரையில் இருப்பது ஒன்று, குறிப்பில் இருப்பது ஒன்று என்றால் ஆள் பட்டனையே தேடிக்கொண்டிருப்பார்.

ஃப்ரேஸல் வெர்ப் மட்டும் இல்லை, கொச்சையும் படிப்பவரைக் குழப்பும். கொச்சை என்றால் இளைஞர்கள் பேசுவது மட்டும் இல்லை. ‘மோட்டார் ட்ரிப் ஆகும்’ என்பது நமக்குப் பட்டறைப் பேச்சு, பாடப்புத்தகம் படித்தவருக்கு ட்ரிப் என்றால் சுற்றுலா. ஓவர்லோட் ரிலே மோட்டாரை நிறுத்தும் என்று எழுதிவிடலாம். அப்புறம் நம்மூர் அலுவலக ஆங்கிலம். உங்கள் முகப்புக் கடிதத்தில் ‘கைண்ட்லி ரிவர்ட்’ இருக்கிறது. நமக்கு அது பதில் எழுதுங்கள் என்பது, அகராதியிலோ பழைய நிலைக்குத் திரும்பு என்பது. ‘ப்ளீஸ் ரிப்ளை’ போதும். ‘டூ த நீட்ஃபுல்’ இருக்கும் இடத்தில் அந்த ஆள் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். தேதியில் மாதத்தைப் பெயரால் போடுங்கள். 05/06 என்பது எல்லா நாட்டிலும் ஜூன் 5 ஆகாது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், பம்பைப் பற்றித் தெரியாத ஒருவரிடம், உங்கள் கணக்குப் பிரிவில் யாராவது இருந்தால்கூடப் போதும், பக்கத்தைக் கொடுத்து ஒவ்வொரு வரியாக என்ன செய்வீர்கள் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அவர் எந்த இடத்தில் ‘அதாவது...’ என்று இழுக்கிறாரோ, அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும்.