இரவில் மட்டும் சளி ஏன் இப்படிப் படுத்துகிறது?

"பகலெல்லாம் கடையில் நிற்க முடிகிறது. படுத்ததும் மூக்கு அடைத்து இருமல் வருகிறது. தென்காசிச் சாரல் காற்றுதான் காரணமா?"

சாரலின் மேல் முழுப் பழியையும் போட வேண்டாம். சன்னலை அடைத்துப் படுத்தாலும் இதேதான் நடக்கும்.

மூக்கடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் சளியல்ல, உள்சவ்வின் வீக்கம். அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விடுவதில்லை. கிருமியை எதிர்த்து நம் உடலே உண்டாக்கும் அந்த வீக்கத்தைக் கார்டிசோல் என்ற ஹார்மோன் அடக்கி வைக்கிறது. உடல் கடிகாரத்தின்படி அது விடியும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி மிகவும் குறைந்துவிடும். கட்டுப்பாடு தளர்ந்ததும் வீக்கம் கூடுகிறது. மாலையில் காய்ச்சல் ஏறுவதிலும் இந்தக் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு.

இதற்கு மேல் படுக்கை வேறு. நிற்கும்போது தலையிலிருந்து எளிதாக இறங்கும் இரத்தம், மட்டமாகப் படுத்தால் மூக்கின் நாளங்களில் தேங்கிச் சவ்வை இன்னும் உப்ப வைக்கிறது. ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்: கீழ்ப்பக்க மூக்கு அடைக்கும், புரண்டு படுத்தால் சில நிமிடங்களில் அடைப்பு மறுபக்கம் மாறும். தொண்டையின் பின்புறம் வழியும் சளிதான் இருமலைக் கிளப்புகிறது.

கார்டிசோலை நாம் மாற்ற முடியாது, தலையணையை மாற்றலாம். கழுத்து மட்டும் மடங்காமல், முதுகின் மேற்பகுதியும் சேர்ந்து உயரும்படி வையுங்கள். இரவில் மூச்சு இழுத்தாலோ, விசில் சத்தம் கேட்டாலோ அது வெறும் சளியாக இல்லாமல் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.