டிஸ்பென்சரில் தண்ணி குளிரவில்லையா? பின்னால் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: வீட்டு வாட்டர் டிஸ்பென்சரில் தண்ணி நல்லா வருது, ஆனா ஜில்லுனு இல்ல. கேஸ் போயிருக்குமா, தெர்மோஸ்டாட் கெட்டிருக்குமா?

மெஷினுக்குப் பின்னால் குளிருக்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும். கூட்டும்போது துடைப்பம் பட்டே அது அணைந்துவிடும், முதலில் அதைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், மெஷினை ஓடவிட்டு இருபது நிமிடம் கழித்து, பின்பக்கக் கறுப்புக் கம்பி வலையில் புறங்கையை ஒரு நொடி வையுங்கள். தண்ணியிலிருந்து எடுத்த சூடு வெளியேறும் இடம் அதுதான், பெயர் கண்டென்சர். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தொடுதலில் கிடைத்துவிடும்.

போன மாதம் செந்தூலில் அத்தை வீட்டு பிளாட்டில் இதே கதை. "கேஸ் போச்சாம்டா, 180 வெள்ளி கேட்டுட்டுப் போயிருக்கான் ஒருத்தன்" என்றார். நான் ஏர்கோன் வேலை பார்ப்பவன். வந்தவர் மெஷினை நகர்த்திக்கூடப் பார்க்கவில்லை என்று அத்தை சொன்னதுமே சந்தேகம் வந்துவிட்டது.

மெஷின் அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நின்றது. காதை வைத்துக் கேட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம், கம்ப்ரஸர் மூன்று நிமிடம் உறுமியது, மறுபடி 'டிக்', அப்புறம் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கூத்து. கம்பி வலையில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. குளிர்த் தண்ணியை ஒரு கிளாஸில் பிடித்து அளந்தால் 19 டிகிரி.

கேஸ் போயிருந்தால் அந்த வலை சூடாகவே ஆகாது. சூடாகிறது என்றால் கேஸ் தன் வேலையைச் செய்கிறது, சூடு வெளியே போகத்தான் வழியில்லை. அதனால் கம்ப்ரஸர் கொதித்து, அதன் பாதுகாப்புச் சுவிட்ச் அடிக்கடி அணைத்துவிடுகிறது. அந்த 'டிக்' அதுதான். வலை நன்றாகக் காற்றோட்டமாக இருந்தும் இதே 'டிக்' தொடர்ந்தால், கம்ப்ரஸரைக் கிளப்பும் ரிலேயைச் சந்தேகிக்கலாம்.

பிளக்கைக் கழற்றி மெஷினைத் திருப்பினேன். கம்பிக்குக் கம்பி தூசி, மேலே தாளிப்பு எண்ணெய் படிந்து கம்பளிபோல இறுகியிருந்தது. வெறும் பிரஷுக்கு அசையவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு நனைத்துப் பிழிந்த துணியால் கம்பிகளின் போக்கிலேயே, மேலிருந்து கீழாகத் துடைத்தேன். ஒயர்ப் பக்கம் ஈரம் போகக் கூடாது, கம்பியை வளைக்கவும் கூடாது. காயவிட்டு, கம்ப்ரஸர் ஆற ஒரு மணி நேரம் விட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்துப் போட்டேன். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் 8 டிகிரி.

உங்கள் வீட்டில் கம்ப்ரஸர் சத்தமே இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கலாம். குளிர்த் தொட்டிக்குள் போகும் ஒரு மெல்லிய செப்புக் குழாய் அதற்கு உண்டு. அந்தக் குழாயில் இருப்பது கசிந்துவிட்டால், தண்ணி ஏற்கெனவே குளிர்ந்துவிட்டதென்று தெர்மோஸ்டாட் நினைத்துக்கொள்ளும், கம்ப்ரஸரைக் கிளப்பவே விடாது. குமிழை அதிகக் குளிருக்குத் திருப்புங்கள். அப்போதும் சத்தமில்லையா? பிளக்கைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டின் இரண்டு ஒயரையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரால் அந்த இரண்டு முனைக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா பாருங்கள். தண்ணி அறைச் சூட்டில் இருக்கும்போது தொடர்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு ஒயரையும் முறுக்கி நேரடியாக இணைத்துவிடாதீர்கள், கம்ப்ரஸர் நிற்காமல் ஓடித் தொட்டிக்குள் தண்ணி உறைந்துவிடும். குமிழுக்குப் பதில் டிஜிட்டல் போர்டு உள்ள மாடலில் இந்தச் சோதனை செல்லாது.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும் வலை வெதுவெதுப்புக்கூட ஆகாவிட்டால், அப்போதுதான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். பின்பக்க ஸ்டிக்கரில் R600a என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ், நீங்களாகக் கை வைக்க வேண்டாம். ஆள் வந்தால் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். வெறுமனே நிரப்பினால் மறுபடி போய்விடும். பழைய மலிவு மெஷினுக்கு அந்தச் செலவு கட்டாது.

பின்னால் வலையே இல்லை, தூக்கினால் லேசாக இருக்கிறது, ஒரு சின்ன ஃபேன் மட்டும் சுற்றுகிறது என்றால், உங்களுடையது கம்ப்ரஸர் இல்லாத வகை. கோலாலம்பூர் வெயிலில், காற்று வராத அறையில் அது 15 டிகிரி கொடுத்தாலே பெரிது. ஃபேனில் அடைந்த தூசியை எடுங்கள், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.