மீக்கடத்தி காந்தப்புலத்தை ஏன் வெளியே தள்ளுகிறது: கேள்வி பதில்

மீக்கடத்தியைக் குளிர்வித்தால் அதன் மின்தடை பூஜ்ஜியமாகிவிடும். அப்படியென்றால் புலம் மாறும்போது லென்ஸ் விதிப்படி எதிர் மின்னோட்டம் ஓடிப் புலத்தைத் தடுக்கும். அவ்வளவுதானே? புலத்தை வெளியே தள்ளுவதற்கு மைஸ்னர் விளைவு என்று தனிப் பெயர் எதற்கு?

பாதி சரி. குளிர்வித்த பிறகு காந்தத்தைக் கொண்டுவந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அந்த வரிசையில், மின்தடை மட்டும் பூஜ்ஜியமான முழுமைக் கடத்திக்கும் மீக்கடத்திக்கும் வித்தியாசம் தெரியாது.

வரிசையை மாற்றுங்கள். வெள்ளீய உருளையைக் காந்தப்புலத்துக்குள் வைத்தபடியே 4.2 கெல்வினிலிருந்து, அது மீக்கடத்தியாக மாறும் 3.7-க்குக் கீழே இறக்குகிறோம். புலம் மாறவில்லை, ஆகவே லென்ஸ் விதிக்கு அங்கே வேலையே இல்லை. முழுமைக் கடத்தியாக இருந்தால் உள்ளே இருந்த புலம் அப்படியே தங்கும். வெளிக்காந்தத்தை எடுத்தபிறகும் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும். 1933-இல் பெர்லினில் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது வேறு: மாறுநிலை வெப்பநிலையைத் தாண்டியதும் உருளைக்கு வெளியே, பக்கத்தில், புலம் கூடியது. உள்ளே இருந்தது வெளியேறிவிட்டது. எந்த வழியில் வந்தாலும் மீக்கடத்தி ஒரே நிலைக்குத்தான் வந்து சேர்கிறது. முழுமைக் கடத்தியோ வந்த வழியை நினைவில் வைத்திருக்கும்.

சரி, தள்ளுவது எது?

மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்து, எல்லாம் ஒரே அலையாக நிற்கின்றன. புலம் இருக்கும் இடத்தில் அந்த அலை குலையாமல் நிற்க வேண்டுமென்றால் மின்னோட்டம் ஓடியே ஆக வேண்டும். புலம் உள்ளே முழுக்கப் பரவினால் பொருள் முழுக்க ஓட வேண்டும். அதற்கு ஏகப்பட்ட ஆற்றல் ஆகும். மேற்பரப்பில் மெல்லிய தோலில் மட்டும் ஓடி, உள்ளே புலத்தை ரத்து செய்வது மலிவு. ஈயத்தில் அந்தத் தோலின் தடிமன் சுமார் 40 நானோமீட்டர். புலத்தை ஒதுக்கவும் ஆற்றல் செலவாகிறது. ஈயத்தில், பூஜ்ஜிய கெல்வினை ஒட்டி, புலம் சுமார் 0.08 டெஸ்லாவைத் தாண்டினால் இணைசேர்வதால் வரும் லாபம் அந்தச் செலவுக்குப் போதாது, மீக்கடத்துநிலையே போய்விடும்.

எங்கள் கல்லூரியில் இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு வில்லையைக் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தே திரவ நைட்ரஜனில் குளிர்வித்தோம். தலைகீழாகப் பிடித்தும் காந்தம் விழவில்லை. புலம் வெளியேறினால் விலக்கத்தானே வேண்டும்?

நீங்கள் பார்த்தது உண்மைதான், ஆனால் அது மைஸ்னர் விளைவு அல்ல. இது இரண்டாம் வகை மீக்கடத்தி. புலம் மெல்லிய குழல்களாக உள்ளே நுழைந்து, படிகக் குறைகளில் மாட்டிக்கொள்கிறது. காந்தம் அசைந்தால் குழல்களும் நகர வேண்டும். அவை நகர மறுப்பதால் அது தொங்குகிறது. வெளித்தள்ளலைத் தூய்மையாகப் பார்க்க, குறைகள் குறைந்த வெள்ளீயமோ ஈயமோ எடுத்து, பலவீனமான புலத்தில் குளிர்வியுங்கள்.

அப்போ வீட்டுச் செம்புக் கம்பியையும் நன்றாகக் குளிர்வித்தால் மீக்கடத்தி ஆகிவிடுமா?

ஆகாது. செம்பின் தடை குறைந்துகொண்டே போய் ஒரு மட்டத்தில் நின்றுவிடும்.

புலம் மாறாதபோது அந்த மேற்பரப்பு மின்னோட்டத்தை முதலில் கிளப்பிவிடுவது எது?

நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். இறுதி நிலை இதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மாறும் அந்தக் கணத்தில் எலெக்ட்ரான்களுக்கு உந்தம் எப்படி வருகிறது, எதிர் உந்தம் படிகத்துக்கு எப்படிப் போகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.