மாமாவின் கடனை முதலில் அடைக்கலாமா?

கேள்வி: பிறையில் நானும் என் அண்ணனும் அட்டைப்பெட்டி அச்சகம் நடத்துகிறோம். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம். பங்குகள் எங்கள் இருவரிடம்தான். கணக்கில் 94,000 ரிங்கிட் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 1,15,000 வசூலாகும். காகித வியாபாரி 72,000 கேட்டு 21 நாள் நோட்டீஸ் அனுப்பி ஒன்பது நாளாகிறது. மற்ற வியாபாரிகளுக்கு 1,30,000, ஊழியர் சேமநிதிக்கு 19,000 பாக்கி. இன்னொரு வங்கியில் 1,80,000 ஓவர்டிராஃப்ட். அதற்கு இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தாய்மாமா கொடுத்த 60,000ஐயும் நாங்கள் போட்ட 35,000ஐயும் முதலில் எடுத்துவிடலாம், புதிய வேலைக்கு 45,000க்குக் காகிதத்தைக் கடனில் வாங்கலாம் என்கிறார் அண்ணன். நான் பெயருக்குத்தான் இயக்குநர். இதில் எனக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, அம்மா. நிறுவனப் பதிவில் உங்கள் பெயர் இருக்கும்வரை, முடிவை அண்ணன் எடுத்தாலும் பொறுப்பு உங்களையும் சேரும். இன்று ராஜினாமா செய்தாலும் இதுவரை நடந்ததற்கான பொறுப்பு கழியாது.

2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 213ஆவது பிரிவு, இயக்குநர் நிறுவனத்தின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செயல்பட வேண்டும் என்கிறது. நிறுவனம் நன்றாக ஓடும்போது அந்த நன்மை பெரும்பாலும் பங்குதாரர்களின் நன்மைதான். கடனை அடைக்க முடியாத நிலை நெருங்கியதும் இது மாறுகிறது. அப்போது இழக்கப்போவது கடன் கொடுத்தவர்களின் பணம். கடமை அப்போதும் நிறுவனத்துக்குத்தான். ஆனால் அதை நிறைவேற்றும்போது அவர்களின் நலனையும் எடைபோட வேண்டும். நிலை மோசமாக ஆக அந்த எடை கூடும்.

எப்போது இது தொடங்குகிறது? பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022இல் சீக்குவானா வழக்கில் இதற்கு விடை தந்தது. என்றோ ஒருநாள் நொடித்துப்போகலாம் என்ற அபாயம் மட்டும் இருந்தால் போதாது. நொடிப்பின் விளிம்புக்கு வந்திருக்க வேண்டும், அல்லது நொடித்துக் கலைக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இங்கே மதித்துப் படிக்கப்படுவது. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்பதே என் கருத்து. உங்கள் கணக்கையே பாருங்கள். ஓவர்டிராஃப்டையும் நீங்கள் போட்ட பணத்தையும் ஒதுக்கிவிட்டாலும் கொடுக்க வேண்டியது 2,81,000. கையிலிருப்பும் வசூலும் சேர்ந்தால் 2,09,000. ஒரு ரிங்கிட் கடனுக்கு ஏறத்தாழ 74 சென்தான் இருக்கிறது.

இப்போது மாமாவுக்கு 60,000ஐயும் முழுதாகக் கொடுத்தால், மற்றவர்களின் 2,21,000 கடனுக்கு 1,49,000 மிஞ்சும். அவர்களுக்கு 67 சென். மாமாவுக்கு மட்டும் நூறு சென். பணத்தேவை அவருக்கும் இருக்கலாம், உங்களை நம்பித்தான் கொடுத்தார் என்பதும் தெரிகிறது. ஆனால் காகித வியாபாரியும் உங்களை நம்பித்தான் சரக்கை இறக்கினார். இப்படிப் பணம் கொடுத்து, அதன்பின் ஆறு மாதத்துக்குள் கலைப்பு மனு தாக்கலாகி நிறுவனம் கலைக்கப்பட்டால், 528ஆவது பிரிவின்கீழ் கலைப்பதிகாரி அதைத் தகாத சலுகை என்று கூறி மாமாவிடமே திருப்பிக் கேட்கலாம். வழக்கமான வியாபாரப் பரிமாற்றத்தில் நல்லெண்ணத்தோடு பணம் பெற்றவருக்குப் பாதுகாப்பு உண்டு. 'நிறுவனம் ஆடுகிறது, மாமா, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக் கொடுத்த குடும்பப் பணத்துக்கு அந்த வாதத்தை நான் நம்பி நிற்க மாட்டேன். நீங்கள் போட்ட 35,000ஐ எடுப்பது இதைவிட மோசம். அங்கே கொடுப்பவரும் நீங்கள், பெறுபவரும் நீங்கள்.

'பங்குதாரர்கள் நாங்கள் இருவர்தான், நாங்களே ஒப்புக்கொள்கிறோம்' என்று அண்ணன் சொல்லக்கூடும். இந்த நிலைக்கு வந்த பிறகு அந்த ஒப்புதல் உங்களைக் காப்பாற்றாது. பணயத்தில் இருப்பது உங்கள் பணம் அல்ல.

யாரும் கவனிக்காத ஒரு வழியிலும் இதே தவறு நடக்கும். ஓவர்டிராஃப்ட் கணக்கில் வாடிக்கையாளரின் காசோலையைப் போடும் ஒவ்வொரு முறையும் வங்கியின் கடன் குறைகிறது. கூடவே உங்கள் சொந்த உத்தரவாதமும் லேசாகிறது. கலைப்பதிகாரி முதலில் தேடுவது இப்படிப்பட்ட வரவுகளைத்தான். வங்கியோடு செய்த ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வசூலை அந்தக் கணக்கில்தான் போட வேண்டும் என்ற நிபந்தனை இல்லையென்றால், இனி வரும் பணத்தை அங்கே போடாதீர்கள்.

45,000க்குக் காகிதம் வாங்குவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 539ஆவது பிரிவின்படி, மற்ற கடன்களையும் கணக்கில் கொண்டு பார்க்கும்போது அடைக்க முடியும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் இல்லாமல், தெரிந்தே ஒரு கடனை வாங்குவது குற்றம். தண்டனை ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றம் நிரூபணமானால் அந்தக் கடனை நீங்களே அடைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிடலாம். ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை.

அதற்காக வேலையைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. லாபமுள்ள வேலை கடன் கொடுத்தவர்களுக்கும் நல்லதுதான். வாடிக்கையாளரிடம் காகிதச் செலவை முன்பணமாகக் கேளுங்கள். பல தொழிற்சாலைகள் காகிதத்தைத் தாங்களே வாங்கிக் கொடுத்து, அச்சுக்கூலி மட்டும் தர ஒப்புக்கொள்ளும். ரொக்கத்துக்கு வாங்குவதாக இருந்தால், போட்ட பணம் எந்தத் தேதியில் எவ்வளவாகத் திரும்பும் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.

சேமநிதிப் பாக்கியைத் தள்ளிப்போடாதீர்கள். 1991ஆம் ஆண்டு சேமநிதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவின்படி, நிறுவனம் கட்டாததற்கு இயக்குநர்களும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது தனிக் குற்றம்.

நோட்டீஸுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. கலைப்பு மனுவுக்கான குறைந்தபட்சக் கடன் தொகை இப்போது 50,000 ரிங்கிட். உங்களுடையது அதைத் தாண்டுகிறது. 21 நாளில் பணமோ அவர் ஏற்கும் ஏற்பாடோ இல்லையென்றால், நிறுவனத்தால் கடன் அடைக்க இயலாது என்று சட்டம் கருதும். மனு தாக்கலாகி விளம்பரம் வந்தால் வங்கிகள் கணக்கை முடக்கிவிடும். மனு தாக்கலான பிறகு கொடுக்கும் பணம், நீதிமன்றம் அனுமதித்தாலன்றி, செல்லாது.

ஆகவே இந்த வாரமே அண்ணனோடு உட்கார்ந்து, அடுத்த மூன்று மாதத்துக்கு வாரவாரியான வரவு செலவை எழுதுங்கள். அந்தத் தாளோடு காகித வியாபாரியைப் பாருங்கள். தவணை ஏற்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் கொடுத்து மற்றவர்களை வெறுங்கையோடு விடும் ஏற்பாடாக அது இருக்கக் கூடாது. இயக்குநர் கூட்டம் நடத்தி, மாமாவின் கடனையும் உங்கள் பணத்தையும் இப்போது தொடுவதில்லை என்று குறிப்பேட்டில் பதியுங்கள். அண்ணன் மறுத்தால் உங்கள் எதிர்ப்பை எழுத்தில் கொடுங்கள். தவணை படியாவிட்டால் உரிமம் பெற்ற நொடிப்புத்துறை கணக்காளரைப் பாருங்கள்: கடன் கொடுத்தவர்களோடு செய்துகொள்ளும் தன்னார்வக் கடன் ஏற்பாட்டுக்கு நீதிமன்றத்தில் மனுச் செய்தால் 28 நாளுக்குக் கடன் கொடுத்தவர்களின் நடவடிக்கை நின்றிருக்கும். அதற்கு நிறுவனம் தகுதியானதா என்பதை அவர் சொல்வார்.

மாமாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். இன்று அவர் வாங்காமல் விட்டால், மற்றவர்களுக்குக் கிடைக்கும் விகிதத்தில் அவருக்கும் பங்கு வரும். வாங்கிச் செலவழித்துவிட்டு அடுத்த ஆண்டு கலைப்பதிகாரியின் கடிதத்துக்கு அவர் பதில் எழுத வேண்டியிருக்காது.