விளக்கொளியில் எடுத்த முகங்கள் ஆரஞ்சாகத் தெரிந்தால்

கேள்வி: கோயில் மண்டபத்தில் நடந்த கல்யாணத்தை வீடியோ எடுத்தேன். குத்துவிளக்கும் சரவிளக்கும்தான் வெளிச்சம். முகமெல்லாம் ஒரே ஆரஞ்சு. ரெசால்வில் டெம்பரேச்சரைக் குறைத்தால் டியூப்லைட் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

எண்ணெய் விளக்குச் சுடரின் நிறவெப்பம் ஏறக்குறைய 1,900 கெல்வின். அந்த ஒளியில் நீலம் மிகக் குறைவு. தோலிலும் இயல்பாகவே சிவப்புதான் தூக்கல் என்பதால் இரண்டும் சேர்ந்து சாச்சுரேஷன் எகிறிவிடுகிறது. உதடும் கன்னமும் ஒரே நிறமாகி, குங்குமப் பொட்டு நெற்றியோடு கலந்து போயிருந்தால் உங்கள் படத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. அதனால் மொத்தப் படத்தையும் பாதிதான் திருத்த வேண்டும். மீதி வேலை முகத்தில் மட்டும்.

முதல் நோடில் டெம்பரேச்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு யாராவது ஒருவர் நெற்றியில் இருக்கும் விபூதியைப் பாருங்கள். அது சுத்த வெள்ளையாகிவிட்டால் அளவு தாண்டிவிட்டது. விளக்கின் சூடு போய்விட்டது. லேசாகச் சந்தனம் கலந்த வெள்ளையாக இருக்கும்போதே நிறுத்துங்கள். Parade-இல் அந்த இடத்தில் சிவப்பு மேலேயும், பச்சை சற்றுக் கீழேயும், நீலம் அதற்கும் கீழேயும் இருக்கும். ஏற்கெனவே வெளுத்துப்போன சுடர்கள் இந்தத் திருத்தத்தில் நீலம் பாரிக்கும். Qualifier-இல் Luminance-ஐ மட்டும் வைத்து அவற்றை விலக்கிவிடுங்கள்.

அடுத்த நோடில் முகம். Qualifier-ஆல் தோலைத் தேர்ந்தெடுத்தால் பித்தளை விளக்கு, நகை, பட்டுச் சரிகை எல்லாம் கூடவே வரும், ஏனென்றால் எல்லாம் ஒரே நிறக் குடும்பம். முகத்தைச் சுற்றி ஒரு விண்டோ போட்டு டிராக் செய்தால்தான் தப்பிக்கலாம். அப்புறம் 50-இல் இருக்கும் சாச்சுரேஷனை 40 பக்கம் இறக்கிப் பாருங்கள். உதடும் பொட்டும் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். வெக்டர்ஸ்கோப்பில் Show Skin Tone Indicator-ஐப் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்போ சிவப்போ, எந்தத் தோலும் அந்தக் கோட்டின் அருகில்தான் விழும். விளக்கொளியில் அது மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். Hue-வைத் தொட்டுக் கோட்டை நோக்கி நகர்த்துங்கள், ஆனால் முழுக்க ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் முகம் மட்டும் வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். பிரகாசத்தையும் ஏற்ற வேண்டாம். மாநிறத்தை வெளுப்பாக்குவது வேறு வேலை, அதை நிறத் திருத்தம் என்று சொல்ல முடியாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கன்னத்தில் சிவப்புச் சானல் உச்சியில் தட்டி நின்றிருந்தால் அங்கே விவரமே பதிவாகவில்லை. சாச்சுரேஷனைக் குறைத்துச் சமாளிக்கலாம், மீட்க முடியாது. அடுத்த முறை ஆட்டோ வைட் பேலன்ஸை அணைத்துவிட்டு, 2,800 முதல் 3,200 கெல்வினுக்குள் ஒன்றை நிலையாக வையுங்கள். எக்ஸ்போஷரைச் சிவப்பு ஹிஸ்டோகிராமைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் முதலில் வழிவது அதுதான்.