முதல் இரண்டு வரியில் என்ன எழுதுவது? இணையவழி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். டியூஷன் தளம் ஒன்றில் சுயவிவரப் பக்கம் வைத்திருக்கிறேன். பக்கத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்; செய்தி அனுப்புபவர்கள்தான் இல்லை. பக்கத்தில் உள்ள வாசகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குறை எங்கே இருக்கிறது?

பதில்: நீங்கள் அனுப்பிய வாசகம் இப்படித் தொடங்குகிறது: "வணக்கம். நான் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்றவன். அனைத்து வகுப்பு மாணவர்களுக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல், புள்ளியியல், கணினி அறிவியல் ஆகியவற்றை எளிமையாகவும் பொறுமையாகவும் கற்பிக்கிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் இதே வாசகத்தை வேறு ஓர் ஆசிரியரின் படத்துக்குக் கீழே வைத்தாலும் அப்படியே பொருந்திவிடும்.

பெரும்பாலான தளங்களின் தேடல் பட்டியலில் ஓர் ஆசிரியருக்குக் கிடைப்பது ஒரு படம், ஒரு தலைப்பு, கட்டணம், அறிமுகத்தின் முதல் இரண்டு மூன்று வரிகள் ஆகியவை மட்டுமே. எஞ்சியவை 'மேலும்' என்ற பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருக்கும். உங்கள் முதல் இரண்டு வரிகளை வணக்கமும் பட்டங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. தேடுபவர் அந்த நொடியில் உங்கள் பட்டத்தைப் பற்றி யோசிக்கவில்லை. தன் பிள்ளையின் சிக்கலோ தன் சிக்கலோ இந்தப் பக்கத்தில் பேசப்படுகிறதா என்றுதான் பார்க்கிறார்.

ஆகவே முதலில் ஒரு வகை மாணவரைத் தேர்ந்தெடுங்கள். உங்களிடம் அதிகம் வந்தவர்கள் இயற்கணிதத்தில் தடுமாறும் 13 முதல் 16 வயது வரையிலான மாணவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தலைப்பை "இயற்கணிதத்தில் தடுமாறும் 13–16 வயது மாணவர்களுக்குக் கணிதம்" என்று வைக்கலாம். அறிமுகத்தை இப்படித் தொடங்கலாம்: "பாடம் புரிகிறது, ஆனால் தேர்வில் மதிப்பெண் குறைகிறது என்று சொல்லும் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். முதல் வகுப்பில் அண்மையில் எழுதிய தேர்வுத் தாளை எடுத்துக்கொண்டு, எந்தத் தவறு கருத்துப் புரியாமல் வந்தது, எது குறியை மாற்றி எழுதியதால் வந்தது, எது கேள்வியைச் சரியாகப் படிக்காததால் வந்தது என்று பிரித்துப் பார்ப்போம்."

அடுத்த பத்தியில் ஓர் உதாரணம் வரட்டும். −3(x − 4) என்பதை விரிக்கும்போது பல மாணவர்கள் −3x − 12 என்று எழுதுவார்கள். சரியான விடை −3x + 12. இந்தத் தவறு ஏன் நேர்கிறது, அதை எந்தப் பயிற்சியால் திருத்துகிறீர்கள் என்று மூன்று வரிகளில் எழுதுங்கள். தன் பிள்ளையின் நோட்டில் இதே தவறைப் பார்த்திருக்கும் பெற்றோர் அங்கேயே நின்று படிப்பார். பட்டங்களுக்கு அதன் பிறகு ஒரு வரி போதும்.

மற்ற பாடங்களை விட்டுவிட்டால் மாணவர்கள் குறைந்துவிடுவார்களோ என்ற அச்சம் எழலாம். தளத்தின் பாடப் பட்டியலில் உங்களால் நன்றாக நடத்த முடிந்த பாடங்களைத் தொடர்ந்து குறித்துவையுங்கள்; தேடல் வடிகட்டி அந்தப் பட்டியலைக் கொண்டுதான் இயங்குகிறது. வாசகம் மட்டும் ஒரே சிக்கலைப் பற்றிப் பேசட்டும். தலைப்பையும் முதல் பத்தியையும் மாற்றிய பிறகு, படம், கட்டணம், வீடியோ ஆகியவற்றில் சில வாரங்களுக்குக் கை வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: என் பக்கத்தையோ பார்ப்பவர்களே மிகக் குறைவு. நானும் வாசகத்தைத்தான் மாற்ற வேண்டுமா?

பதில்: இல்லை. பக்கத்தைத் திறக்காதவர் உள்ளே இருக்கும் வாசகத்தைப் படிக்கப் போவதில்லை. முதலில் நேர அட்டவணையைப் பாருங்கள். தேடுபவர்கள் கிழமையையும் நேரத்தையும் குறித்து வடிகட்டும் தளங்களில், வார நாட்களின் பகல் நேரத்தை மட்டும் திறந்து வைத்திருக்கும் ஆசிரியர் பள்ளி மாணவர்களின் கண்ணிலேயே படமாட்டார். கணக்கில் நேர மண்டலம் தவறாகப் பதிவாகியிருப்பதும் நாம் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. அதன் பிறகு தலைப்பில் மாணவர்கள் உண்மையில் தேடும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'மொழித்திறன் மேம்பாட்டு வழிகாட்டி' என்று யாரும் தேடுவதில்லை. தேர்வின் பெயரையும் பாடத்தின் பெயரையும்தான் தேடுகிறார்கள்.

கேள்வி: அறிமுக வீடியோவில் என்ன பேசுவது? விலையுயர்ந்த கேமரா தேவையா?

பதில்: கேமரா தேவையில்லை, நல்ல மைக் இருந்தால் நன்று. கொஞ்சம் மங்கலான படத்தைப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். எதிரொலிக்கும் குரலைக் கேட்டால் வகுப்பும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுசெய்துவிடுவார்கள். வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும், கேமரா கண் மட்டத்தில் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடும்.

நீளம் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை இருக்கலாம், ஆனால் தளத்தின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பெரும்பகுதியைப் பாடம் நடத்தவே செலவிடுங்கள் என்பது என் கருத்து. யாருக்குக் கற்பிக்கிறீர்கள் என்பதைப் பத்து நொடிகளில் சொல்லிவிட்டு, மேலே குறிப்பிட்ட குறித் தவறு போன்ற ஒன்றை நாற்பது நொடிகளில் விளக்கிக் காட்டி, முதல் வகுப்பில் என்ன நடக்கும் என்று சொல்லி முடியுங்கள். 'நான் பொறுமையானவன்' என்று சொல்வதற்குப் பதிலாக அந்த விளக்கத்தில் பொறுமை தெரியட்டும். எழுதிவைத்துப் படித்தால் கண்கள் வரிகளைத் தொடர்ந்து நகர்வது வீடியோவில் தெரிந்துவிடும்; மூன்று குறிப்புச் சொற்களை மட்டும் கேமராவுக்கு அருகில் ஒட்டிவைத்துப் பேசுங்கள். மொழி கற்பிப்பவராக இருந்தால், உங்கள் மாணவரின் நிலைக்கு ஏற்ற வேகத்தில் பேசுங்கள். ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின்படி தொடக்க நிலையான ஏ1-இல் இருப்பவரை வரவேற்கும் வீடியோவில், உயர்நிலையான சி1-க்குரிய வேகத்தில் பேசினால், அவர் பாதியிலேயே மூடிவிடுவார்.

கேள்வி: புதிதாகத் தொடங்கியவள் என்பதால் ஒரு மதிப்புரைகூட இல்லை. உறவினர்களை எழுதச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். பல தளங்களில் அது விதிமீறல், கணக்கையே முடக்கிவிடக்கூடும். அதோடு, வகுப்பில் அமராதவர் எழுதும் மதிப்புரையில் 'மிக நல்ல ஆசிரியை' என்பதைத் தாண்டி விவரம் எதுவும் இருக்காது. மதிப்புரை இல்லாத காலத்தில் நீங்களே தயாரித்த சான்றுகளை வையுங்கள்: நான்கு வாரப் பாடத் திட்டம் ஒன்று, நீங்களே எழுதிய மாதிரிக் கட்டுரையைத் திருத்திக் காட்டும் பக்கம் ஒன்று. மாணவரின் விடைத்தாளையோ மதிப்பெண் பட்டியலையோ படத்தையோ, பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது.

மாணவர்கள் வரத் தொடங்கியதும், முதல் வகுப்பு முடிந்த கையோடு மதிப்புரை கேட்காமல், ஏதேனும் ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிந்த வாரத்தில் கேளுங்கள். "வகுப்புக்கு வரும் முன் எது கடினமாக இருந்தது? இப்போது எது மாறியிருக்கிறது?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அனுப்பினால், பதிலாக வருவதே அடுத்தவருக்குப் பயன்படும் மதிப்புரையாக அமைந்துவிடும்.

கேள்வி: கட்டணம் கொடுப்பவர் பெற்றோர், வகுப்பில் அமர்பவர் பிள்ளை. பக்கத்தை யாருக்காக எழுதுவது?

பதில்: பெற்றோருக்காக எழுதுங்கள், ஆனால் பிள்ளையும் படிப்பார் என்பதை மறக்காமல் எழுதுங்கள். 'மந்தமான மாணவர்கள்', 'கவனமில்லாத பிள்ளைகள்' போன்ற சொற்கள் பெற்றோருக்கு ஆறுதலாகத் தோன்றலாம்; அதைப் படித்துவிட்டு வரும் பதினான்கு வயதுப் பிள்ளை முதல் வகுப்பில் வாய் திறக்க மாட்டார். பெற்றோர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: வகுப்பின்போது அவர்கள் அருகில் இருக்கலாமா, வகுப்பு பதிவு செய்யப்படுகிறதா, முன்னேற்றம் எப்படித் தெரியவரும், வகுப்பை ரத்து செய்தால் கட்டணம் என்ன ஆகும். இவற்றுக்கு நேரடியான பதில் எழுதுங்கள். "நான்கு வகுப்புகளுக்கு ஒருமுறை ஐந்து வரிக் குறிப்பு அனுப்புவேன்" என்பது, கடைப்பிடிக்க முடிந்தால், எந்தப் புகழுரையையும்விட வலுவான வரி. மதிப்பெண்ணுக்கு மட்டும் உறுதி தராதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

கேள்வி: நிறுவன ஊழியர்களுக்குத் தகவல் தொடர்புப் பயிற்சி அளிக்கிறேன். மாணவர்கள் வருகிறார்கள்; நிறுவனங்கள் வருவதில்லை. இதே பக்கத்தை நிறுவனங்களுக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: தனிப் பக்கம் வையுங்கள். மனிதவளத் துறையில் இருப்பவர் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தத் தேர்வைத் தன் மேலாளரிடம் நியாயப்படுத்தியாக வேண்டும். அவர் அப்படியே எடுத்து அனுப்பக்கூடிய ஒரு பக்கக் குறிப்புதான் அவருக்குத் தேவை.

உதாரணமாக, "வாடிக்கையாளர் கூட்டங்களில் பேசத் தயங்கும் பொறியாளர்களுக்கான 10 வாரப் பயிற்சி, குழுவுக்கு 8 பேர், வாரம் ஒரு 90 நிமிட வகுப்பு" என்று தொடங்கலாம். 8 பேர் என்பதற்குக் காரணம் உண்டு: ஒவ்வொருவரும் வகுப்பில் சில நிமிடங்களாவது பேசித் திருத்தம் பெற வேண்டுமென்றால், 20 பேர் கொண்ட குழுவில் அது நடக்காது. இந்தக் காரணத்தையும் எழுதுங்கள்.

அடுத்தது அளவீடு. பயிற்சித் துறையினர் பலருக்கும் பழக்கமான கிர்க்பாட்ரிக் முறை நான்கு படிகளைச் சொல்கிறது: பங்கேற்றவர்களின் கருத்து, கற்றுக்கொண்டது, பணியிடத்தில் மாறிய நடத்தை, நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு. பெரும்பாலான பயிற்சியாளர்கள் முதல் படியிலேயே, அதாவது பயிற்சி முடிவில் வாங்கும் கருத்துப் படிவத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டாம் படியைக் காட்டுங்கள்: முதல் வாரமும் பத்தாம் வாரமும் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடத் திட்ட விளக்கம் ஒன்றைப் பேசிப் பதிவுசெய்து, இரண்டையும் ஒரே மதிப்பீட்டுத் தாளில் மதிப்பிடுங்கள். மூன்றாம் படிக்கு, பயிற்சி முடிந்து ஆறு வாரங்கள் கழித்து நேரடி மேலாளரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். நான்காம் படியில் விற்பனை கூடியது என்றெல்லாம் உரிமை கொண்டாட வேண்டாம். அதற்கு வேறு பல காரணங்கள் இருக்கும் என்று படிப்பவருக்குத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். முன்பு பயிற்சி அளித்த நிறுவனங்களின் பெயரையோ சின்னத்தையோ அவர்களின் அனுமதியின்றிப் போடாதீர்கள். அனுமதி இல்லாவிட்டால் துறையையும் குழுவின் அளவையும் மட்டும் குறிப்பிடுங்கள். கோச்சிங்கில் சான்றிதழ் பெற்றவர் என்று எழுதினால், எது என்று சொல்லுங்கள். குறுகிய படிப்பை முடித்ததற்கான சான்றிதழும், பயிற்சி நேரத்தோடு வாடிக்கையாளர்களுடன் கோச்சிங் செய்த நேரத்தையும் கணக்கிட்டு சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். வழங்கும் ஏ.சி.சி., பி.சி.சி. தகுதிகளும் ஒன்றல்ல, மனிதவளத் துறையினர் அந்த வேறுபாட்டை அறிவார்கள்.

கேள்வி: கட்டணத்தைக் குறைத்தால் வருவார்களா?

பதில்: சிலர் வருவார்கள், அதைவிடக் குறைந்த கட்டணம் கண்ணில் பட்டதும் போய்விடுவார்கள். தொடக்கத்தில் சலுகை தருவதாக இருந்தால், அது முதல் எத்தனை மாணவர்களுக்கு என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு உயர்த்தும்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: டெமோ வகுப்புக்கு நிறைய பேர் வருகிறார்கள். தொடர்பவர்களோ மிகச் சிலர். சுயவிவரத்தில் இன்னும் எதைச் சேர்ப்பது?

பதில்: சேர்ப்பதைவிட நீக்குவதற்குத்தான் ஏதாவது இருக்கும். டெமோவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் பக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. பக்கம் சொன்னதும் வகுப்பில் நடந்ததும் வேறாக இருந்திருக்கலாம். தொடராமல் போன சிலருடைய முதல் செய்தியை எடுத்து, அவர்கள் கேட்டதையும் டெமோவில் நீங்கள் செய்ததையும் அருகருகே எழுதிப் பாருங்கள். நேர்காணலுக்குப் பேசிப் பழக வேண்டும் என்று வந்தவரிடம் அரை மணி நேரம் இலக்கணத் தேர்வு நடத்தியிருந்தால் காரணம் அதுவே. அப்போது, இலக்கணமே உங்கள் பலம் என்றால் 'நேர்காணல் பயிற்சி' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சியே உங்கள் விருப்பம் என்றால் டெமோவை மாற்றுங்கள். எப்படியானாலும் கடைசிப் பத்து நிமிடங்களைத் திட்டத்துக்கென்று ஒதுக்கி, அடுத்த நான்கு வகுப்புகளில் என்ன செய்வீர்கள் என்று அவர் கண்ணெதிரிலேயே எழுதி, வகுப்பு முடிந்ததும் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.